பழைய ஃபிலிம் படத்தின் தோற்றத்தை எழுத்தில் சொல்வது எப்படி: ஸ்டூடியோவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். தோட்டத்துப் பள்ளிகளின் பழைய மாணவர் ஒன்றுகூடல், கோயில் திருவிழா மலர், அறுபதாம் கல்யாணம் என்று வருகிறவர்கள் இப்போதெல்லாம் கைப்பேசியில் எடுத்த படத்தைக் கொடுத்துவிட்டு, “அந்தக் காலத்துப் படம் மாதிரி ஆக்கிக் கொடுங்க” என்கிறார்கள். கணினியில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு நான் ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும். அந்தக் குறிப்பு சரியாக இருந்தால் படமும் சரியாக வரும். வாடிக்கையாளரும் பிள்ளைகளும் மாறி மாறிக் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

“பழைய படம் மாதிரி வேணும்னு எழுதினா போதாதா அண்ணே?”

போதாது. அந்த ஒரு வரியை மூன்று பேரிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். ஒருவர் படம் முழுக்கப் பழுப்பு பூசினார், ஒருவர் மணலை வாரி இறைத்தது போலப் புள்ளி வைத்தார், இன்னொருவர் மூலைக்கு மூலை ஆரஞ்சு வெளிச்சம் போட்டார். மூவரும் சொன்னதைத்தான் செய்தார்கள். எந்தப் பழைய படம் என்று குறிப்பில் இல்லை, அவ்வளவுதான்.

அதனால் நான் விளைவுகளை எழுதுவதற்கு முன்னால் பொருளை எழுதுவேன். எந்த வருஷம், எந்த மாதிரி கேமரா, எந்த அளவு பிரிண்ட், எடுத்த பிறகு அந்தப் பிரிண்ட் இத்தனை வருஷம் எங்கே கிடந்தது. இந்த நான்கையும் முடிவு செய்துவிட்டால் புள்ளி எவ்வளவு, நிறம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும், வெளிச்சம் கசிந்திருக்குமா என்பதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். ஒன்றுக்கொன்று முரண்படாமலும் இருக்கும்.

“கிரெயின்னா புள்ளிதானே? ராத்திரியில ஃபோன்ல எடுத்தா வருமே, அதேதானே?”

இரண்டும் வேறு. கைப்பேசியில் வருவது உணர்கருவியின் இரைச்சல். ஒவ்வொரு சதுரப் புள்ளியிலும் தனித்தனியாக வரும், இருட்டுப் பகுதியில் பச்சையும் ஊதாவுமாகத் தெறிக்கும். ஃபிலிமில் இருப்பது ஜெலட்டினில் கலந்த வெள்ளி உப்பின் படிகங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த வெள்ளியே துகளாக நின்றுவிடுகிறது. கலர் படத்தில் கழுவும்போது வெள்ளி நீங்கி, அது இருந்த இடத்தில் சாயம் சின்ன மேகம் போலத் தங்குகிறது. அதனால்தான் கலர் கிரெயினுக்குக் கூர்மையான விளிம்பு இருக்காது. ஒன்றோடொன்று ஒட்டி, சில இடத்தில் அடர்ந்தும் சில இடத்தில் பிரிந்தும் கிடக்கும்.

எங்கே தெரியும் என்பதையும் எழுத வேண்டும். பிரிண்டில் கிரெயின் நன்றாகத் தெரிவது நடுத்தரமான நிறங்களில்: வானம், சுண்ணாம்புச் சுவர், முகம், நிழல் விழுந்த மண் தரை. கெட்டிக் கறுப்பிலும் சுத்த வெள்ளையிலும் அது அடங்கிவிடும். “படம் முழுக்க ஒரே சீராக” என்று எழுதினால் சல்லடை வழியாகப் பார்ப்பது போல வரும்.

“எவ்வளவு கிரெயின்னு எப்படி அளந்து சொல்றது? கொஞ்சம், நிறையன்னு சொன்னா பிள்ளைங்களுக்குப் புரியலை.”

இரண்டு விஷயத்தைச் சொன்னால் போதும். ஒன்று ஃபிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தை அது எவ்வளவு சீக்கிரம் பதிக்கிறது என்பது. 100 ஏ.எஸ்.ஏ. ஃபிலிமில் படிகங்கள் சின்னவை, 400-இல் பெரியவை. இன்னொன்று நெகட்டிவை எத்தனை மடங்கு பெரிதாக்கினார்கள் என்பது. பலர் மறப்பது இதைத்தான். 35 மில்லிமீட்டர் நெகட்டிவ் 24-க்கு 36 மில்லிமீட்டர். அதை 3ஆர் அளவில், அதாவது மூன்றரைக்கு ஐந்து அங்குலத்தில் போட்டால் ஏறக்குறைய நான்கு மடங்குதான் பெரிதாகிறது. 1972-இல் வந்த 110 ரகச் சின்னக் கேமராவின் நெகட்டிவோ 13-க்கு 17 மில்லிமீட்டர்தான். அதே 3ஆர் பிரிண்டுக்கு அது ஏழு மடங்கு பெரிதாக வேண்டும். ஒரே ஃபிலிம்தான், ஆனால் கிரெயின் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகத் தெரியும்.

ஆகவே “35 மில்லிமீட்டர், 100 ஏ.எஸ்.ஏ., 3ஆர் பிரிண்ட்” என்று நான் எழுதினால், கையில் பிடித்துப் பார்க்கும் தூரத்தில் கிரெயின் கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்க வேண்டும் என்று பொருள். “110 கேமரா” என்று எழுதினால் கூட்டத்தில் பின்வரிசை ஆட்களின் கண்ணும் மூக்கும் புள்ளியில் கரைந்துவிட வேண்டும். வீட்டு ஆல்பப் படங்களில் கிரெயின் நாம் நினைப்பதைவிடக் குறைவு. பழைய படம் ஒன்றை ஸ்கேன் செய்து பேனர் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்த ஞாபகம்தான் நம் மனத்தில் புள்ளியைக் கூட்டிவிடுகிறது.

“எங்க வீட்டுப் படமெல்லாம் சிவந்து போச்சு. மாமா வீட்டுல மாட்டியிருக்கிற படம் நீலமா இருக்கு. எதைத்தான் பழைய கலர்னு சொல்றது?”

இரண்டும் பழைய கலர்தான். கிடந்த இடம் வேறு. கலர் பிரிண்டில் சயான், மஜெந்தா, மஞ்சள் என்று மூன்று சாயம் அடுக்கடுக்காக இருக்கிறது. மூன்றும் ஒரே வேகத்தில் வெளிறினால் படம் மங்கும், நிறம் சாயாது. ஆனால் அவை அப்படி வெளிறுவதில்லை.

எழுபதுகளின் பிரிண்ட் இருட்டில் கிடந்தால் பெரும்பாலும் சயான் சாயம்தான் முதலில் சிதையும். தகரக் கூரைக்குக் கீழே இரும்புப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் ஆல்பம் இருந்தது என்றால் சூடும் ஈரமும் அதை இன்னும் வேகப்படுத்தும். சயான் சாயத்தின் வேலை சிவப்பை விழுங்குவது. அது போய்விட்டால் சிவப்பு மேலே வரும். கறுப்பு முடி செம்பழுப்பாகும். பால்மரத்து இலையின் பச்சைக்கு சயானும் மஞ்சளும் வேண்டும் என்பதால் இலை காய்ந்த சருகு போல மஞ்சள் பழுப்பாகும். வானத்தின் நீலம் வெளிறி இளஞ்சிவப்பைக் காட்டும். இதோடு தாளில் மிஞ்சிய வேதிப்பொருள் மஞ்சளித்து, வெள்ளை ஓரமும் வெள்ளைச் சட்டையும் பழைய வேட்டி நிறத்துக்கு வந்துவிடும்.

சுவரில், சன்னலுக்கு எதிரே மாட்டிய படத்தின் கதை வேறு. வெளிச்சம் மஜெந்தாவையும் மஞ்சளையும் முந்தித் தின்னும். மிஞ்சுவது சயான், அதனால் படம் நீலப் பச்சையாகும். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிப் பாருங்கள். சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தில் நிறம் அப்படியே நிற்கும். குறிப்பில் “நிறம் மங்கியது” என்று எழுதாமல் “ஆல்பத்துக்குள் இருட்டில் கிடந்து சிவந்தது” என்றோ “சுவரில் வெயில் பட்டு நீலமானது” என்றோ எழுதுங்கள். இரண்டையும் ஒரே படத்தில் கேட்காதீர்கள்.

“சீபியான்னு ஒரே பட்டன் இருக்கே, அதைப் போட்டுட்டா?”

சீபியா கறுப்பு வெள்ளைப் படத்துக்கு உரியது. வெள்ளித் துகளைக் கந்தகச் சேர்மமாக மாற்றும்போது வரும் பழுப்பு அது. 1978-ஆம் வருஷத்துக் கலர் படம் எவ்வளவு சிவந்தாலும் அதில் நிறங்களின் வித்தியாசம் தெரியும். சேலையின் மஞ்சள் மஞ்சளாகவேதான் இருக்கும். சீபியா எல்லாவற்றையும் ஒரே பழுப்பாக்கிவிடும்.

“மங்கலா வேணும்னு சொன்னேன். பனி மூட்டத்துல எடுத்த மாதிரி செஞ்சுட்டாங்க. நான் என்ன தப்பாச் சொன்னேன்?”

கணினியில் மங்கல் என்றால் பலர் செய்வது கறுப்பைத் தூக்கிச் சாம்பலாக்குவது. அப்போது இருட்டுப் பகுதி மட்டும் மாறும், வெளிச்சமான பகுதி புதிதாகவே நிற்கும். பனி மூட்டம் போலத் தெரிவது அதனால்தான்.

சாயம் உண்மையில் வெளிறும்போது இருக்கிறதில் ஒரு பங்கு போகிறது. கறுப்பில் சாயம் நிறைய இருப்பதால் கொஞ்சம் போனாலும் அது இன்னும் கருமையாகத்தான் தெரியும், நிறம் மட்டும் செம்பழுப்பாக மாறும். மெல்லிய நிறங்களில் இருந்ததே சொற்பம், அது போனால் ஒன்றும் மிஞ்சாது. வெள்ளைச் சட்டையின் மடிப்பு, திருநீறு பூசிய நெற்றியின் கோடு, வெளிர் வானத்து மேகம், இவைதான் முதலில் காணாமல் போகும். ஆகவே குறிப்பில் “வெள்ளைச் சட்டையில் மடிப்பு தெரியக் கூடாது, முடி செம்பழுப்பாக இருக்க வேண்டும், ஆனால் சாம்பலாகக் கூடாது” என்று பொருளைக் காட்டி எழுதுங்கள். எந்த அளவைச் சொன்னாலும் இவ்வளவு தெளிவாகப் புரியாது.

“லைட் லீக் ஏன் எப்பவும் ஆரஞ்சு கலர்லயே வருது? நீலத்துல போடக் கூடாதா?”

கேமராவின் பின்கதவு இடுக்கில் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருக்கும். வருஷம் போகப் போக அது பிசுபிசுத்து உதிர்ந்துவிடும். அந்த இடுக்கு வழியாக வெளிச்சம் ஃபிலிமின் முதுகுப் பக்கம் விழும். கலர் நெகட்டிவில் லென்ஸ் பக்கம் மேலே இருப்பது நீலத்தை உணரும் அடுக்கு, நடுவில் பச்சை, முதுகை ஒட்டி அடியில் சிவப்பு. பின்னாலிருந்து வரும் வெளிச்சம் முதலில் தொடுவது சிவப்பு அடுக்கை. மேலே போகப் போக அது பலவீனமாகிவிடும். அதனால் பிரிண்டில் சிவப்பு முந்தி வருகிறது.

கசிவு பலமாக இருந்தால் அடுத்த அடுக்குகளும் பதியும். ஆகவே நிறத்தை வரிசையாக எழுத வேண்டும்: விளிம்பை ஒட்டி வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள், உள்ளே வர வர ஆரஞ்சு, பிறகு சிவப்பு, கடைசியில் ஒன்றுமில்லாமல் கரைவது. தலைகீழாக, நடுவில் சிவப்பும் ஓரத்தில் மஞ்சளும் வைத்தால் பார்க்கிறவர் கண்ணுக்கு ஏதோ உறுத்தும், காரணம் சொல்லத் தெரியாது. மேலும் கசிவு என்பது கூடுதல் வெளிச்சம். அது பிரிண்டில் வெளிச்சத்தைக் கூட்டுமே தவிர ஒருபோதும் கறுக்காது. கறுப்பு முடி மீது பளிச்சென்று தெரியும், வெள்ளைச் சட்டை மீது மெல்லச் சாயம் பிடித்தது போலத்தான் தெரியும். படத்தின் மேல் வெளிச்சத்தைக் கூட்டிக் கலக்கும் முறைக்குக் கணினியில் `Screen` என்று பெயர், பிள்ளைகளுக்கு அந்த ஒரே சொல்லில் சொல்லிவிடலாம்.

“அதை எந்தப் பக்கம் போடச் சொல்லட்டும்? மேல் மூலை அழகா இருக்கும்.”

பெரும்பாலான 35 மில்லிமீட்டர் கேமராக்களின் பின்கதவுக் கீல் நம் வலது கைப் பக்கம் இருக்கும். ஃபிலிமில் படம் தலைகீழாக விழுவதால், வலது பக்கக் கசிவு பிரிண்டில் இடது பக்கம் வரும். கேமராவை நிமிர்த்திப் பிடித்து ஆளுயரப் படம் எடுத்தால் அதே கசிவு மேலேயோ கீழேயோ போய்விடும். நீங்கள் கேட்கும் மேல் ஓரம் அப்போது கிடைக்கும்.

ஒரே சுருளில் எடுத்ததாகக் காட்டும் படங்களில் கசிவும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். பலம் மட்டும் மாறும். அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் லேசாக இருக்கும். நடுவில் கேமராவை அரைமணி நேரம் வெயிலில் வைத்துவிட்டு எடுத்திருந்தால் ஒன்றில் மட்டும் கனமாக இறங்கியிருக்கும்.

“எங்கம்மா ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு படத்துலகூட லைட் லீக் இல்லையே?”

இருக்காதுதான். கெட்டுப்போன படங்களை லேப்பில் பிரிண்ட் போடாமலே விட்டுவிடுவது வழக்கம். போட்டுக் கொடுத்ததையும் வீட்டில் ஆல்பத்தில் ஒட்ட மாட்டார்கள். கசிவு அழகு என்று ஆனது பின்னாளில், பிளாஸ்டிக் பொம்மைக் கேமராக்களை விரும்பி வாங்கத் தொடங்கிய பிறகுதான்.

ஆகவே பத்துப் படம் செய்வதாக இருந்தால் ஒன்றில் மட்டும் கசிவு வைக்கச் சொல்லுங்கள். அந்த ஒன்றும் மற்றபடி தூக்கிப்போட மனம் வராத படமாக இருக்கட்டும்: எல்லாரும் சிரிக்கிறார்கள், ஆயாகூட நிற்கிறார், அதனால் கெட்டுப்போயும் வைத்துக்கொண்டார்கள் என்று நம்பும்படி.

“எல்லாத்தையும் சேர்த்து ஒரு குறிப்பு முழுசா எழுதிக் காட்டுங்கண்ணே.”

ஒன்றுகூடலுக்காகச் செய்த ஒரு வேலையையே சொல்கிறேன். 1978-இல் ஆறாம் ஆண்டு முடித்தவர்கள் தங்கள் பழைய பள்ளியின் பலகைக் கட்டடத்துக்கு முன்னால் கூடி நின்று கைப்பேசியில் எடுத்த படம். பின்னால் செம்பனை மரங்கள். அன்று எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி வேண்டும் என்றார்கள். நான் எழுதியது இது:

“1978. தோட்டத்துக் கிராணியிடம் இருந்த 35 மில்லிமீட்டர் கேமரா, 100 ஏ.எஸ்.ஏ. கலர் நெகட்டிவ், பகல் வெளிச்சம். வெள்ளை ஓரம் விட்ட 3ஆர் பிரிண்ட். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆல்பத்தில், இருட்டில், சூட்டில் கிடந்தது. கிரெயின் மெல்லியது. தகரக் கூரையிலும் முகத்திலும் உற்றுப் பார்த்தால் தெரியட்டும், கூரைக்கு அடியில் உள்ள கறுப்பில் வேண்டாம். நிறம் சிவப்புக்குச் சாய்ந்தது: கறுப்பு முடி செம்பழுப்பு, செம்பனை ஓலை மஞ்சள் பழுப்பு, வானம் வெளிறி லேசான இளஞ்சிவப்பு. வெள்ளைச் சட்டைகளில் மடிப்பு கரைந்திருக்க வேண்டும். வெள்ளை ஓரமும் மஞ்சளித்திருக்க வேண்டும். இடது விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சக் கசிவு: விளிம்பில் வெளிர் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, பிறகு சிவப்பு, முதல் ஆளின் தோளுக்குள் கரைய வேண்டும். முகத்தைத் தொடக் கூடாது.”

முதல் தடவை வந்ததில் ஓலைகள் பச்சையாகவே நின்றன. முழுப் படத்துக்கும் மேலே சிவப்பு பூசியிருந்தார்கள். சிவப்பு கூட்டுவதல்ல, சயானைக் குறைப்பதுதான் வேலை என்று நான்காம் கேள்விக்குச் சொன்னதைத் திரும்பவும் விளக்கினேன். இரண்டாம் தடவை ஓலை சருகானது, முடி சிவந்தது, ஒரு அம்மா பார்த்துவிட்டு, “இது எங்க வீட்டுப் பெட்டியில இருந்ததா?” என்று கேட்டார்.

“நீங்க எழுதினபடியேதான் செஞ்சோம். இன்னும் போலியாத் தெரியுதே, எங்கே பார்க்கிறது?”

வெள்ளை ஓரத்தைப் பாருங்கள். கிரெயினும் கசிவும் ஃபிலிமில் நடந்தவை, ஓரமோ தாளுக்கு உரியது. ஆகவே கிரெயினும் ஆரஞ்சு வெளிச்சமும் படத்தின் விளிம்போடு கத்தரித்தது போல நிற்க வேண்டும். மஞ்சள் கறையும் கீறலும் விரல் ரேகையும் தாளில் நடந்தவை, அவை ஓரத்தின் மீதும் பரவலாம். நான் திருப்பி அனுப்பும் படங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு தவறுதான்: ஓரத்தின் மேல் கிரெயின் ஏறியிருக்கும், அல்லது படம் சிவந்தும் ஓரம் பளீர் வெள்ளையாக நிற்கும்.

வரிசையும் இதிலிருந்தே வரும். முதலில் கசிவு, அடுத்து கிரெயின், பிறகு ஓரம், கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலாக நிறம் வெளிறுவது. கசிவின் ஆரஞ்சும் வெளிற வேண்டும் அல்லவா, அதுவும் அதே சாயம்தான். நாற்பது வருஷத்துப் படத்தில் கசிவு மட்டும் நேற்றுப் போட்டது போல மின்னினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

அதற்கு மேலும் உறுத்தினால் குறை கைப்பேசிப் படத்திலேயே இருக்கலாம். கைப்பேசி நிழலையும் வெயிலையும் தானே சமப்படுத்திவிடும். அன்றைய நண்பகல் படத்தில் கூரை நிழலுக்குள் நிற்பவர் முகம் இருண்டுதான் இருக்கும். அந்த இருளைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

“கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் இதே குறிப்பு ஆகுமா?”

கிரெயினைப் பற்றியது ஆகும். நிறம் சாய்வது ஆகாது, அதில் சாயம் இல்லை. கழுவிய மருந்து சரியாகப் போகாத படங்களில் மஞ்சள் கறை திட்டுத் திட்டாக வரும், அதை எழுதலாம். கசிவு வெள்ளையாக, புகை போல வரும். ஆரஞ்சு வரக் கூடாது.

“மலர்ல பழைய படத்தோட இதையும் சேர்த்துப் போடுறோம். பின்னால யாராவது நிஜம்னு நினைச்சுட்டா?”

நினைப்பார்கள், அந்த அம்மா நினைத்தது போல. அதனால் என் குறிப்பின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: படத்துக்குக் கீழே எடுத்த உண்மையான வருஷமும் “பழைய பாணியில் அமைத்தது” என்பதும் அச்சாக வேண்டும், பிரிண்டின் பின்பக்கத்திலும் அழியாத மையில் எழுத வேண்டும். 1978-இல் அந்தப் பலகைக் கட்டடத்துக்குப் பின்னால் நின்றவை பால்மரங்கள். படத்தில் இருப்பவை செம்பனை.